'திருப்திகரம்' என்றால் என்ன பொருள்? மதிப்பெண் அட்டையில் பெற்றோர் படிக்க வேண்டியவை

புதுதில்லி: தில்லிக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு சிறு குழப்பம் அடிக்கடி நேர்வதுண்டு. இந்தியில் அச்சிட்ட மதிப்பெண் அட்டையில் கணக்குப் பாடத்துக்கு எதிரே 'சந்தோஷ்ஜனக்' என்று எழுதியிருக்கும். எழுத்துக் கூட்டிப் படித்த தாய்க்கு அது 'சந்தோஷம் தருவது' என்று காதில் விழும். ஆசிரியரே சந்தோஷப்படும் அளவுக்குப் பிள்ளை படிக்கிறான் என்று ஊருக்குத் தொலைபேசியில் செய்தி போகும். ஆனால், இந்தியில் அச்சொல்லின் பொருள் 'திருப்திகரம்' என்பதே. பல பள்ளிகளில் அது தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் மாணவருக்குக் கிடைக்கும் சொல்.

இது மொழி தெரியாததால் வரும் குழப்பம் மட்டுமன்று. ஆங்கிலத்திலும் தமிழிலும் நன்கு படித்த பெற்றோர்களும் 'திருப்திகரம்', 'முன்னேற்றம் தேவை' என்ற இரு சொற்களையும் தவறாகவே புரிந்துகொள்கின்றனர். முதலாவதைக் கண்டால் நிம்மதி அடைகின்றனர். இரண்டாவதைக் கண்டால் பிள்ளையைக் கடிந்துகொள்கின்றனர். இரு சொற்களும் எந்த அளவுகோலில் இருந்து பிறந்தன என்பதை யாரும் கேட்பதில்லை.

கடந்த 2024 டிசம்பர் வரை இந்தக் கேள்வியை ஒத்திப்போட முடிந்தது. எட்டாம் வகுப்பு வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை என்ற நிலை மத்திய அரசுப் பள்ளிகளில் அந்த மாதத்துடன் முடிவுக்கு வந்தது. இப்போது அச்சொற்களுக்குப் பின்னால் ஒரு மறுதேர்வும், ஓராண்டு இழப்பும் காத்திருக்கக்கூடும்.

சொல் எப்படி மாறியது?

இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை மாநிலங்களவை 2009 ஜூலையிலும், மக்களவை அதே ஆண்டு ஆகஸ்டிலும் நிறைவேற்றின. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 16-வது பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் நிறுத்திவைக்கவோ, பள்ளியிலிருந்து வெளியேற்றவோ கூடாது என்றது. 29-வது பிரிவு, குழந்தையின் புரிதலையும் அதைப் பயன்படுத்தும் திறனையும் தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்றது. இவ்விரண்டும் சேர்ந்தே இயங்க வேண்டியவை. நிறுத்திவைக்கும் அச்சம் நீங்க வேண்டும். அந்த இடத்தில், எங்கே குறை என்று கண்டுபிடித்து உடனே சரிசெய்யும் மதிப்பீடு வரவேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம்.

நடைமுறையில் முதல் பாதி எளிதாக வந்துவிட்டது. இரண்டாவது பாதி, பெரும்பாலும் அட்டையில் அச்சிட்ட சொற்களாகவே நின்றுவிட்டது. சி.பி.எஸ்.இ. 2009-ல் கொண்டுவந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையில் மதிப்பெண்களுக்குப் பதில் ஏ1 முதல் இ2 வரை ஒன்பது தரநிலைகள் வந்தன. ஒழுக்கம், சிந்திக்கும் திறன், கலை ஆர்வம் என்று பாடம் சாராத பகுதிகளுக்கும் ஆசிரியர் வாக்கியங்கள் எழுத வேண்டியிருந்தது. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் பல பகுதிகள் என்றால் நூற்றுக்கணக்கான வாக்கியங்கள். ஆசிரியர் கையேட்டில் மாதிரிக் குறிப்புகள் இருந்தன. பல பள்ளிகளில் அவை கணினிக்குள் சென்றன. தரநிலையைத் தட்டினால் வாக்கியம் தானே வந்து விழுந்தது. குழந்தையைப் பார்த்து எழுத வேண்டிய வாக்கியம், தரநிலையைப் பார்த்து எழுதிய வாக்கியமாக மாறியது இப்படித்தான்.

இதனூடே 'தோல்வி' என்ற சொல்லும் அட்டையிலிருந்து மறைந்தது. 2010-க்குப் பிறகு சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புச் சான்றிதழில், தேர்ச்சி பெறாதவரின் பெயருக்கு எதிரே 'செயல்பாட்டை மேம்படுத்திக்கொள்ளத் தகுதியுடையவர்' என்று பொருள்படும் ஆங்கிலச் சுருக்கம் அச்சாயிற்று. பின்னர் 2020 தேர்வு முடிவுகளில் 'தோல்வி' என்பதற்கு மாற்றாக 'எசென்ஷியல் ரிப்பீட்' - கட்டாயம் மீண்டும் எழுத வேண்டியவர் - என்ற தொடர் வந்தது. பதினைந்து வயதுப் பிள்ளையின் மனம் புண்படக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான் காரணம். அதில் பிழை காண வேண்டியதில்லை. ஆனால், மென்மையான சொல் உண்மையின் கூர்மையையும் மழுக்கிவிடும் என்பதைப் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரே மதிப்பெண், இரு சொற்கள்

மதிப்பெண் அட்டையின் பின்புறத்திலோ, கீழ் ஓரத்திலோ சிறிய எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். எந்தத் தரநிலை எத்தனை மதிப்பெண்ணைக் குறிக்கிறது என்ற விளக்கம் அது. பெற்றோர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

சி.பி.எஸ்.இ. 2017 மார்ச்சில், ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ஒரே மாதிரியான மதிப்பீட்டு முறையை அறிவித்தது. அதில் 91 முதல் 100 வரை ஏ1. அங்கிருந்து பத்துப் பத்தாக இறங்கி, 41 முதல் 50 வரை சி2. 33 முதல் 40 வரை டி. 32-ம் அதற்குக் கீழும் இ. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை இந்த 'இ' நிலைக்குத் தந்த விளக்கம் 'முன்னேற்றம் தேவை'. ஒன்பதாம் வகுப்பில் அதே 'இ' நிலைக்குத் தந்த விளக்கம் 'தோல்வி'.

அதாவது, கணக்கில் 30 மதிப்பெண் பெற்ற குழந்தை எட்டாம் வகுப்பு முடியும்போது 'முன்னேற்றம் தேவை' என்ற சொல்லுடன் வீட்டுக்கு வருகிறது. அடுத்த ஆண்டு அதே 30 மதிப்பெண்ணுக்கு அதே பள்ளி 'தோல்வி' என்கிறது. குழந்தை மாறவில்லை, மதிப்பெண் மாறவில்லை, சட்டத்தின் எல்லையைக் கடந்ததால் சொல் மட்டும் மாறியது. ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் திடீரென்று சரிகிறார்கள் என்று பெற்றோர் புலம்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பல வீடுகளில் சரிவு திடீரென்று வருவதில்லை. அதன் பெயர்தான் திடீரென்று மாறுகிறது.

ஆறு முதல் எட்டாம் வகுப்புகளுக்கான அந்த முறையை, கல்வி உரிமைச் சட்டத்துக்கு ஒவ்வாதது என்ற ஆட்சேபம் எழுந்ததால் வாரியம் பின்னர் விலக்கிக்கொண்டது. எனினும், பல பள்ளிகள் தங்கள் அட்டைகளில் அதே எட்டுத் தரநிலைகளையே தொடர்ந்து அச்சிட்டு வருகின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'இ' நிலைக்காவது 'முன்னேற்றம் தேவை' என்ற சொல் உண்டு. 33 முதல் 50 வரையிலான டி, சி2 நிலைகளில் இருக்கும் குழந்தைக்குப் பல பள்ளிகள் 'திருப்திகரம்' என்றே எழுதுகின்றன. உண்மையில் பெற்றோரின் கவனம் அதிகம் தேவைப்படுவது இங்கேதான். ஏனெனில், எச்சரிக்கைச் சொல் எதுவும் இல்லாமலே இங்கு ஆண்டுகள் கடந்துவிடுகின்றன.

மொத்த மதிப்பெண் மறைப்பது

ராமகிருஷ்ணபுரம் பகுதியில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் அனுபவம் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. தந்தை மத்திய அரசு ஊழியர். மகள் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்பு. அரையாண்டு அட்டையில் கணக்குக்கு எதிரே 39 மதிப்பெண், டி தரநிலை, 'திருப்திகரம். மேலும் முயன்றால் சிறக்கலாம்' என்ற குறிப்பு. அறிவியலில் 62, ஆங்கிலத்தில் 71. கணக்கு சற்றுப் பின்தங்கியிருந்தாலும் ஆசிரியரே திருப்தி என்கிறாரே என்று பெற்றோர் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டனர்.

அதே குடியிருப்பில் வசிக்கும், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் தற்செயலாக அந்த அட்டையைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்த 39-ல் தேர்வில் எழுதி வாங்கியது எவ்வளவு?" என்பது. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் பள்ளியில் நூறு மதிப்பெண் இப்படிப் பிரிகிறது: அரையாண்டு எழுத்துத் தேர்வுக்கு 80, இடையில் நடந்த சிறு தேர்வுக்கு 10, குறிப்பேட்டுக்கு 5, பாடம் தொடர்பான செயல்பாடுகளுக்கு 5. சிறுமி இடைத் தேர்வில் 8, குறிப்பேட்டில் 5, செயல்பாட்டில் 5 என்று இருபதுக்கு 18 பெற்றிருந்தாள். அப்படியானால் எழுத்துத் தேர்வில் எண்பதுக்கு அவள் பெற்றது 21. நூற்றுக்குக் கணக்கிட்டால் 26. அந்தத் தேர்வை மட்டும் தனியே மதிப்பிட்டிருந்தால் அட்டையில் 'இ' என்றும், 'முன்னேற்றம் தேவை' என்றும் வந்திருக்கும்.

குறிப்பேட்டுக்கு மதிப்பெண் தருவது தவறு என்று இதற்குப் பொருளில்லை. ஒழுங்காக எழுதுவது, வீட்டுப்பாடத்தை முடிப்பது, குறிப்பேட்டைத் தூய்மையாக வைத்திருப்பது ஆகியவற்றுக்கே அந்த மதிப்பெண்; அதை அச்சிறுமி உழைத்துத்தான் பெற்றாள். ஆனால், கரும்பலகையில் உள்ளதை அழகாகப் படியெடுக்கும் பிள்ளைக்கும் அந்த ஐந்து மதிப்பெண் முழுதாகக் கிடைக்கும். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணும் வெகுதூரம் விலகியிருந்தால், குழந்தை உழைக்கிறது, ஆனால் புரிந்துகொள்ளவில்லை என்பதே அதன் பொருள். அத்தகைய குழந்தையிடம் 'இன்னும் முயற்சி செய்' என்று சொல்வதால் பயனில்லை. முயற்சி ஏற்கெனவே இருக்கிறது.

தமிழகப் பெற்றோருக்கும் இந்தக் கணக்கு அந்நியமானதன்று. அங்கு 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையுடன் வந்த மதிப்பீட்டில் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தனர். முதலாவதில் 36-ம் இரண்டாவதில் 15-ம் பெற்ற குழந்தையின் மொத்தம் 51. பாதிக்கு மேல் பெற்றுவிட்டாள் என்று தோன்றும். பருவத் தேர்வில் நான்கில் ஒரு பங்கையே எழுதியிருக்கிறாள் என்பது மொத்தத்தில் தெரியாது.

விடைத்தாள் சொன்னது

பெற்றோர் பள்ளிக்குச் சென்று விடைத்தாளைக் கேட்டனர். பெற்றோர் - ஆசிரியர் சந்திப்பு நாளில் அதைக் காட்டுவது பெரும்பாலான பள்ளிகளில் வழக்கம்தான். வகுப்பறையில் பத்து நிமிடம் உட்கார்ந்து தாயார் கேள்வி எண்களையும் மதிப்பெண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை அவற்றை இரண்டாகப் பிரித்தார்.

முழுக்கள், கோடுகளும் கோணங்களும், தரவுகளைக் கையாளுதல் ஆகிய பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு மொத்தம் 34 மதிப்பெண். அதில் சிறுமி பெற்றது 16. பின்னங்கள், தசமங்கள், எளிய சமன்பாடுகள் ஆகியவற்றுக்கு மொத்தம் 46. அதில் அவள் பெற்றது 5. இழந்த 59 மதிப்பெண்ணில் 41 ஒரே திசையில் போயிருந்தது.

சமன்பாட்டுக் கேள்வி ஒன்று இன்னும் தெளிவாகக் காட்டியது. ஓர் எண்ணுடன் 1/2-ஐக் கூட்டினால் 3/4 கிடைக்கும். அந்த எண் எது? சிறுமி 1/2-ஐச் சரியாக மறுபக்கம் கொண்டுபோய், 3/4-லிருந்து கழிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். சமன்பாடு அவளுக்குப் புரிந்திருந்தது. அடுத்த வரியில் மேலே உள்ள 3-லிருந்து 1-ஐயும், கீழே உள்ள 4-லிருந்து 2-ஐயும் கழித்து 2/2 என்று எழுதி, விடை 1 என்று முடித்திருந்தாள். சரியான விடை 1/4. முக்காலிலிருந்து அரையைக் கழித்தால் ஒன்று எப்படி வரும் என்ற ஐயம்கூட அவளுக்கு எழவில்லை.

ஆசிரியை சொன்னது இதுதான்: "இவளுக்கு ஏழாம் வகுப்புக் கணக்கில் குறை இல்லை அம்மா. பின்னம் என்பது ஒரு பொருளின் பங்கு என்று இவள் மனத்தில் படியவே இல்லை. மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்று இரண்டு எண்களாகத்தான் பார்க்கிறாள். இது ஐந்தாம் வகுப்பில் விட்டுப்போனது."

பழைய அட்டைகளை எடுத்துவைத்துப் பார்த்தபோது அதுவும் தெரிந்தது. ஐந்தாம் வகுப்பில் கணக்குக்கு பி2, 'நன்று'. ஆறாம் வகுப்பில் சி2, 'திருப்திகரம்'. ஏழில் டி, மீண்டும் 'திருப்திகரம்'. ஒவ்வோர் அட்டையும் தனித்தனியே பார்த்தால் அச்சமூட்டாதது. மூன்றையும் வரிசையாக வைத்தால் சறுக்கு மரம். ஆறிலும் ஏழிலும் ஒரே சொல் இருந்ததால் நிலை மாறவில்லை என்று பெற்றோர் எண்ணிவிட்டனர். சொல் நின்ற இடத்தில் நின்றது. மதிப்பெண் கீழே போய்க்கொண்டிருந்தது.

சட்டம் ஆசிரியருக்கு விதித்த கடமை

'முன்னேற்றம் தேவை' என்ற வாக்கியத்தில் எழுவாய் இல்லை. யாரிடம் முன்னேற்றம் தேவை? குழந்தையிடம்தான் என்று பெற்றோர் படிக்கின்றனர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு ஆசிரியரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதல் பயிற்சி தர வேண்டும் என்பது அதில் ஒன்று. பெற்றோரைத் தவறாது சந்தித்து, குழந்தையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் அடைந்த முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஆக, 'முன்னேற்றம் தேவை' என்று எழுதியதும் ஆசிரியரின் வேலை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. எதில் முன்னேற்றம், அதற்குப் பள்ளி என்ன செய்யப்போகிறது, எப்போது மீண்டும் பார்ப்பது என்ற மூன்று கேள்விகளையும் பெற்றோர் கேட்பது சலுகை கேட்பதாகாது. சட்டம் தந்த உரிமை.

எதில் என்ற கேள்விக்கு விடை சொல்ல ஆசிரியருக்கு ஓர் அளவுகோலும் உண்டு. 2017-ல் சட்டத்தின் மத்திய விதிகளைத் திருத்தி, ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொரு பாடத்திலும் குழந்தை எதை அறிந்திருக்க வேண்டும் என்ற கற்றல் விளைவுகளை வகுக்க வேண்டும் என்றனர். என்.சி.இ.ஆர்.டி. அதே ஆண்டு அவற்றை வெளியிட்டது. பிறகு வந்த 2020 தேசியக் கல்விக் கொள்கையும், அதன் தொடர்ச்சியாக என்.சி.இ.ஆர்.டி.யின் 'பரக்' அமைப்பு உருவாக்கிய முழுமையான முன்னேற்ற அட்டையும், குழந்தை தன்னைத்தானே மதிப்பிடுவதையும் சக மாணவர்களின் கருத்தையும்கூடச் சேர்த்துள்ளன. அட்டை தடிமனாகிறது. ஆனால், 'பின்னங்களைக் கூட்டவும் கழிக்கவும் தெரியவில்லை' என்ற ஒரு வரி அதில் இல்லையென்றால் பக்கங்கள் கூடியதால் பயனில்லை.

பள்ளி பதில் சொல்ல மறுத்தால் 32-வது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் முறையிடலாம். மூன்று மாதத்துக்குள் அது முடிவு சொல்ல வேண்டும். இதற்கு எல்லைகள் உண்டு. சட்டம் 6 முதல் 14 வயது வரையிலும், எட்டாம் வகுப்பு வரையிலும்தான். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. ஒரு பாடத்தின் தரநிலைக்காக முறையீடு வரை செல்லும் பெற்றோர் மிகச் சிலரே. செல்ல வேண்டிய தேவையும் அரிது. அப்படியொரு பிரிவு இருப்பதை அறிந்து பேசும் பெற்றோருக்குப் பள்ளியில் கிடைக்கும் விடை வேறு என்பதே அதன் பயன்.

ஐந்திலும் எட்டிலும் புதிய நிலை

நிறுத்திவைக்காத கொள்கை பற்றிய விவாதம் சட்டம் வந்த சில ஆண்டுகளிலேயே தொடங்கிவிட்டது. மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம், அப்போதைய ஹரியாணா கல்வி அமைச்சர் கீதா புக்கல் தலைமையில் 2012-ல் அமைத்த துணைக் குழு, படிப்படியாகத் தேர்வுக்குத் திரும்பலாம் என்று பரிந்துரைத்தது. திருத்த மசோதாவை மக்களவை 2018 ஜூலையிலும், மாநிலங்களவை 2019 ஜனவரியிலும் நிறைவேற்றின. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் ஆண்டு இறுதியில் தேர்வு. தேறாதவருக்குக் கூடுதல் பயிற்சி. முடிவு வெளியான இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு. அதிலும் தேறாவிட்டால் நிறுத்திவைக்கலாமா என்பதை உரிய அரசே முடிவு செய்யலாம் என்றது திருத்தம்.

மத்திய அரசு தனக்கான விதிகளை 2024 டிசம்பரில் அறிவித்தது. கேந்திரிய வித்யாலயா, நவோதயா வித்யாலயா உள்ளிட்ட மத்திய அரசுப் பள்ளிகளுக்கு அது பொருந்தும். கல்வி பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநிலங்கள் தத்தம் வழியில் செல்கின்றன. மாநில அரசின் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை நிறுத்திவைப்பதில்லை என்ற நிலையே தொடரும் என்று தமிழக அரசு உடனடியாக அறிவித்தது. ஆனால், தமிழகத்தில் உள்ள கேந்திரிய வித்யாலயாக்களில் படிக்கும் பிள்ளைகள் மத்திய விதிகளின் கீழ்தான் வருகின்றனர். தில்லியில் மத்திய அரசு ஊழியர்களாக இருக்கும் தமிழர்களின் பிள்ளைகளில் பலரும் இந்தப் பள்ளிகளில்தான் படிக்கின்றனர்.

புதிய விதிகளில் பெற்றோர் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. நிறுத்திவைக்கப்படும் குழந்தைக்கு, எந்தெந்த நிலையில் கற்றல் இடைவெளி ஏற்பட்டது என்று கண்டறிந்து வகுப்பாசிரியர் தனிப் பயிற்சி தர வேண்டும்; தேவையானால் பெற்றோருக்கும் வழிகாட்ட வேண்டும்; அத்தகைய குழந்தைகளின் பட்டியலை வைத்துத் தலைமையாசிரியரே நேரில் கண்காணிக்க வேண்டும் என்கிறது விதி. குழந்தையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்ற பழைய பாதுகாப்பும் அப்படியே நீடிக்கிறது.

நல்ல விதிதான். ஆனால் காலத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு, மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்த இடைவெளியை இரண்டு மாதத்தில் அடைக்க வேண்டும். பின்னம் விட்டுப்போன அந்தச் சிறுமியைப் போன்ற குழந்தைக்கு, மறுதேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் போதாது. ஆகவே ஐந்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் நாள், பெற்றோர் விழித்துக்கொள்ள வேண்டிய நாள் அன்று. மூன்றாம், நான்காம் வகுப்பு அட்டையில் 'திருப்திகரம்' என்று முதன்முதலாக வரும் நாளே அது. அந்த அட்டைக்குத் தேர்வு அச்சம் இல்லை; எனவேதான் அதை யாரும் படிப்பதில்லை.

மீண்டும் அதே சொல்

ராமகிருஷ்ணபுரத்துச் சிறுமிக்கு அந்த ஆசிரியை வாரத்தில் மூன்று மாலைகள் உதவினார். முதல் மாதம் ஏழாம் வகுப்புப் பாடநூலைத் திறக்கவே இல்லை. காகிதப் பட்டைகளை இரண்டாகவும், மூன்றாகவும், நான்காகவும் மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதுதான் பாடம். அரைப் பட்டையின் மீது காலைப் பொருத்திப் பார்த்த பிறகு, 3/4-லிருந்து 1/2-ஐக் கழித்தால் 1 வரும் என்று அவள் மறுபடி எழுதவில்லை. அதன் பிறகே சமன்பாட்டுக்குத் திரும்பினார்கள். சமன்பாடு அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததால் அது ஒரு வாரத்தில் முடிந்தது.

பள்ளியின் வகுப்பாசிரியையிடமும் பெற்றோர் பேசினர். விடைத்தாளைப் பிரித்துப் பார்த்த குறிப்பைக் காட்டியபோது அவர் வருத்தப்பட்டார், மறைக்கவில்லை. ஒரு வகுப்பில் 42 பேர், அட்டைகளை முடிக்க மூன்று நாள் என்று தன் நிலையையும் சொன்னார். 'மேலும் முயன்றால் சிறக்கலாம்' என்பது அந்த வகுப்பில் பதினொரு பேருக்குத் தான் எழுதிய வாக்கியம் என்றும் அவரே ஒப்புக்கொண்டார்.

ஆண்டு இறுதியில் எழுத்துத் தேர்வில் எண்பதுக்கு 38. அகமதிப்பீட்டில் இந்த முறை 17. மொத்தம் 55, தரநிலை சி1. அட்டையில் கணக்குக்கு எதிரே இருந்த குறிப்பு: 'திருப்திகரம்'.

அரையாண்டில் 21-க்குக் கிடைத்த அதே சொல்தான் 38-க்கும் கிடைத்தது. இம்முறை தந்தை கையெழுத்திடுவதற்கு முன் அட்டையைத் திருப்பி, பின்புறம் இருந்த சிறிய கட்டத்தைப் படித்தார். பிறகு மகளை அழைத்து, எழுத்துத் தேர்வின் விடைத்தாளை எப்போது காட்டுவார்கள் என்று கேட்டார்.